பக்கத்து மனையில் பைலிங்: நம் வீட்டுச் சுவர் எவ்வளவு அதிர்வைத் தாங்கும்?

பழங்காநத்தம் பகுதியில் பழைய ஓட்டு வீடுகளும் ஒற்றை மாடி வீடுகளும் இருந்த இடங்களில் இப்போது நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. மதுரையின் பல சந்திப்புகளில் மேம்பாலப் பணிகளும் நடக்கின்றன. அஸ்திவாரத்துக்குப் பைல் போடும் வேலை தொடங்கியதும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "பீரோக் கண்ணாடி கூட நடுங்குது, வீட்டுக்கு ஒன்னும் ஆகிடாதே?"

பாத்திரம் அதிர்ந்துவிட்டால் வீடு சேதமாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே சமயம், "பைலிங்கால் எந்த வீட்டுக்கும் எதுவும் ஆகாது" என்று பணியிடத்தில் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதிர்வை அளக்க ஒரு முறை இருக்கிறது. எந்த மாதிரிக் கட்டடத்துக்கு எவ்வளவு என்று எல்லைகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், சரியான நேரத்தில் சரியான கேள்வியை நாமே கேட்கலாம்.

முதலில், எந்த வகைப் பைல்?

'பைலிங்' என்று நாம் சொல்வதில் இரண்டு வேறுபட்ட வேலைகள் உண்டு. ஒன்று, ஆயத்தமாக வார்த்த கான்கிரீட் தூணையோ இரும்புக் குழாயையோ பல டன் எடையுள்ள சம்மட்டியால் அடித்து மண்ணுக்குள் இறக்குவது. இன்னொன்று, மண்ணைத் துளைத்தெடுத்து, குழிக்குள் கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றுவது. அதிர்வு பெரிதாக வருவது முதல் வகையில். நகரத்துக்குள் வீடுகளுக்கு நடுவே பெரும்பாலும் இரண்டாம் வகைதான் நடக்கிறது.

துளையிடும் பைல் என்றால் அதிர்வே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. யானைமலையையும் திருப்பரங்குன்றத்தையும் பசுமலையையும் பார்த்தாலே நம் ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியும். பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே பாறை வந்துவிடுகிறது. அந்தப் பாறைக்குள் பைலின் அடிமுனையைப் பதிக்க, கனமான உளியைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் அடித்து இறக்கும் பைலைப் போலவே அதிர்வு கிளம்பும். மேல்மண் சரியாமலிருக்க இறக்கும் இரும்புக் குழாயை அதிரும் ஹாமரால் இறக்கினாலும் அப்படித்தான். ஆகவே, "துளை போடுறீங்களா, அடிச்சு இறக்குறீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பாறை வந்தா எதை வச்சு உடைப்பீங்க? குழாயை எப்படி இறக்குவீங்க?" என்றும் கேட்க வேண்டும்.

அதிர்வை எதில் அளக்கிறார்கள்?

சம்மட்டி விழும்போது மண் துகள்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைகின்றன. அப்படி அசையும்போது அவை எட்டும் உச்ச வேகம்தான் அளவுகோல். இதை 'உச்சத் துகள் வேகம்' என்பார்கள். அலகு, வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர். மண் இடம்பெயர்ந்த தூரம் சிறியதாக இருந்தாலும், அசைவின் வேகத்துக்கும் சுவரில் ஏற்படும் இழுவிசைக்கும் தொடர்பு இருப்பதால் இந்த அளவைத் தேர்ந்தார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண், ஒரு வினாடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பது. இதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். மெதுவான அசைவு வீட்டை அதிகம் ஆட்டும். அதனால் ஒரே வேகமாக இருந்தாலும் 8 ஹெர்ட்ஸ் அதிர்வு 40 ஹெர்ட்ஸ் அதிர்வைவிட ஆபத்தானது. வெறும் வேகத்தை மட்டும் எழுதி, ஹெர்ட்ஸ் எழுதாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

நம் உடம்பு மிக நுட்பமான கருவி. பிரிட்டனின் கட்டுமானப் பணித் தர நூல் சொல்வதன்படி, வினாடிக்கு 0.3 மி.மீ. அதிர்வையே வீட்டில் இருப்பவர்கள் உணர்ந்துவிடுவார்கள். 1 மி.மீ. ஆனால் புகார் வரும். ஆனாலும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பூச்சில் மயிரிழை விரிசல் விழும் அளவு அதற்கும் பல மடங்கு மேலே இருக்கிறது. அதனால்தான் பாத்திரம் அதிர்வது சேதத்துக்கான அடையாளம் ஆகாது.

சேத எல்லைகள்

நம் நாட்டில் வீடுகளுக்கான அதிர்வு எல்லையைச் சொல்லும் ஆவணங்களில் ஒன்று, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. இது சுரங்க வெடிவைப்புக்காக எழுதப்பட்டது. சாதாரண வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வினாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. என்று வரையறுக்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள, எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்களுக்கு இவை முறையே 2, 5, 10 மி.மீ. ஆகும்.

ஆனால் வெடிவைப்பு சில வினாடிகளில் முடிந்துவிடும். பைலிங்கில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அடிகள் விழலாம். ஆகவே கட்டுமானப் பணிகளில் ஜெர்மனியின் டின் 4150 என்னும் தரநூலின் மூன்றாம் பகுதியை எடுத்தாள்வது உண்டு. அஸ்திவாரத்தில் அளக்கும்போது அது சொல்லும் எல்லைகள் இவை:

- வணிக, தொழிற்கூடக் கட்டடங்கள்: 10 ஹெர்ட்ஸ் வரை 20 மி.மீ.; 50 ஹெர்ட்ஸில் 40 மி.மீ.
- குடியிருப்பு வீடுகள்: 10 ஹெர்ட்ஸ் வரை 5 மி.மீ.; 50 ஹெர்ட்ஸில் 15 மி.மீ.
- பாதுகாக்க வேண்டிய பழைய, நுட்பமான கட்டடங்கள்: 10 ஹெர்ட்ஸ் வரை 3 மி.மீ.; 50 ஹெர்ட்ஸில் 8 மி.மீ.

10-க்கும் 50-க்கும் இடையே எல்லை சீராக ஏறிக்கொண்டே போகும். அதிரும் ஹாமர்போல இடைவிடாமல் அதிரும் கருவிகளுக்கு இதே நூல் தனி எல்லை வைத்திருக்கிறது. மேல்மாடியில் கிடைமட்டமாக அளக்கும்போது, வீடுகளுக்கு 5 மி.மீ., நுட்பமான கட்டடங்களுக்கு 2.5 மி.மீ.

பிரிட்டன் தரநூலின் எல்லைகள் இவற்றைவிடத் தளர்வானவை. சாதாரண செங்கல் வீட்டுக்கு 4 ஹெர்ட்ஸில் 15 மி.மீ. வரை அது அனுமதிக்கிறது. எனவே "தர எல்லைக்குள்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டு நூல், எந்த வகைக் கட்டடத்துக்கான வரிசை என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நம் மஹல்லாவில் எந்தக் கட்டடம் எந்த வரிசையில் வரும்? தூண், பீம் வைத்த கான்கிரீட் வீடும், சிமெண்டுச் சாந்தில் எழுப்பிய நல்ல செங்கல் வீடும் இரண்டாம் வரிசை. சுண்ணாம்புக் காரையில் கட்டி, மரக்கட்டைமேல் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளையும், பழைய பள்ளிவாசலின் உயரமான ஒல்லி மினாராவையும் மூன்றாம் வரிசையில் வைக்கச் சொல்வதே நியாயம். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மனையில் 3 டன் சம்மட்டியை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பைல் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு அடியின் ஆற்றல் சுமார் 30,000 ஜூல். இதன் வர்க்கமூலம் சுமார் 173. ஐரோப்பியத் தரநூலின் எளிய முறைப்படி, ஓரளவு இறுகிய மண்ணுக்கு இதை 0.75-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 130. இதைப் பைலிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் எதிர்பார்க்கும் அதிர்வு கிடைக்கும். 40 மீட்டரில் 3.2 மி.மீ., 20 மீட்டரில் 6.5 மி.மீ., 10 மீட்டரில் 13 மி.மீ.

இது முன்மதிப்பீடு மட்டுமே. மண் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், வீடுகளிலிருந்து தள்ளி ஒரு சோதனைப் பைலை அடித்து உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். அந்தச் சோதனையில் 40 மீட்டரில் 3.2-க்குப் பதிலாக 4 மி.மீ. வந்தது, அதிர்வு 20 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 40-ஆல் பெருக்கினால் 160. அப்படியானால் அந்த மனைக்குரிய எண் 130 அல்ல, 160.

20 ஹெர்ட்ஸில் குடியிருப்பு வீட்டுக்கான ஜெர்மன் எல்லை 7.5 மி.மீ. 160-ஐ 7.5-ஆல் வகுத்தால் சுமார் 21 மீட்டர். ஆக, 21 மீட்டருக்குள் வீடு இருக்கும் பைல்களை இதே முறையில் அடிக்கக் கூடாது. சம்மட்டி விழும் உயரத்தை அரை மீட்டராகக் குறைத்தால் அதிர்வு பாதியாகாது. சுமார் 70 சதவீதமாகவே குறையும். அப்போது எல்லைத் தூரம் 15 மீட்டர். அதற்கும் உள்ளே இருக்கும் பைல்களுக்கு முன்துளை போட்டு இறக்க வேண்டும், அல்லது துளையிடும் பைலுக்கே மாற வேண்டும். பக்கத்துச் சுவரிலிருந்து 3 மீட்டரில் பைல் என்றால், அடித்து இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

எல்லைக்குள் இருந்தும் சேதம் வருவது எப்படி?

மேலே சொன்ன எல்லைகள் அதிர்வு நேரடியாகச் சுவரை உலுக்குவதற்கானவை. இன்னொரு வழியிலும் சேதம் வரும். படியில் அரிசியை நிரப்பித் தட்டினால் அரிசி கீழே அமர்கிறது அல்லவா? தளர்ந்த மணலும், இறுக்காமல் கொட்டிய மண்ணும் அதேபோல அதிர்வில் அமர்ந்துவிடும். அதன்மேல் நிற்கும் அஸ்திவாரமும் கூடவே இறங்கும். நியூயார்க் நகரப் பைலிங் பணிகளை ஆராய்ந்து லேசி, கூல்ட் என்ற இரு பொறியாளர்கள் 1985-ல் எழுதிய கட்டுரை இதற்குப் பெயர்பெற்றது. வழக்கமான சேத எல்லையைவிட மிகக் குறைந்த அதிர்விலேயே மணல் அமர்ந்து கட்டடங்கள் இறங்கியதை அவர்கள் காட்டினார்கள்.

நமக்கு இது எங்கே பொருந்தும்? வைகைக் கரையோர மணலிலும், கண்மாய், வாய்க்கால், பள்ளம் இருந்த இடத்தை மண் கொட்டி மேடாக்கிப் பிரித்த மனைகளிலும் பொருந்தும். "இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதே பாதி மண் பரிசோதனை. அப்படிப்பட்ட இடத்தில் அதிர்வுக் கருவி மட்டும் போதாது. வீட்டுச் சுவரில் குறிகள் பதித்து, அவை இறங்குகின்றனவா என்று லெவல் கருவியால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கண்காணிப்பை எப்படி அமைக்கிறார்கள்?

ஒழுங்கான பணியில் கண்காணிப்பு நான்கு படிகளாக நடக்கும்.

முதல் படி, வேலைக்கு முந்தைய வீட்டு ஆய்வு. சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அறை அறையாகச் சென்று, இருக்கும் விரிசல்களைப் படமெடுத்து, நீளம், அகலம் குறித்து, வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். பிறகு எழும் எந்தத் தகராறுக்கும் இதுவே அடிப்படை.

இரண்டாம் படி, கருவி பொருத்துவது. ஜியோபோன் என்ற உணரி மூன்று திசைகளிலும் அளக்கும். அதை மிக அருகில் இருக்கும் வீட்டின் அஸ்திவாரத்திலோ, தரையோடு ஒட்டிய வெளிச்சுவரின் அடியிலோ, பணியிடத்தைப் பார்த்த பக்கத்தில் அசையாமல் பதிக்க வேண்டும். தளர்ந்த டைல்ஸ்மேல், பாய்மேல் அல்லது சும்மா மண்ணில் வைத்து எடுத்த அளவு செல்லாது. கைபேசிச் செயலி காட்டும் எண்ணும் ஆதாரமாகாது. எந்த நேரத்தில் அதிர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ள மட்டும் அது உதவும்.

மூன்றாம் படி, இரண்டு வரம்புகளை முன்கூட்டியே எழுதி வைப்பது. எடுத்துக்காட்டாக, எல்லை 5 மி.மீ. என்றால், 3 மி.மீ. வந்ததும் எச்சரிக்கை: பொறியாளருக்குத் தகவல் போய், சம்மட்டி உயரத்தைக் குறைக்க வேண்டும். 5 மி.மீ. வந்ததும் நிறுத்தம்: வீட்டைப் பார்வையிட்டு, முறையை மாற்றிய பிறகே மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அது பைல் போடும் ஆளிடமே இருந்தால் பயனில்லை. அவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. நின்றால் அவருக்குத்தான் நட்டம்.

நான்காம் படி, அன்றாடப் பதிவு. எந்தப் பைல், எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு அதிர்வு, எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு நாளும் எழுதப்பட வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டு ஆய்வை அதே படங்களோடு மறுபடி செய்து ஒப்பிட வேண்டும்.

அதிரும் ஹாமரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது முழு வேகத்தில் ஓடும்போது வீடு அமைதியாக இருக்கும். தொடங்கும்போதும் நிற்கும்போதும் சில வினாடிகள் உலுக்கும். அந்த நேரத்தில் அதன் வேகம், மண்ணும் வீட்டுத் தளமும் இயல்பாக ஆடும் வேகத்தைக் கடந்து போவதே காரணம். ஆகவே அந்தச் சில வினாடிகளும் பதிவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து மாநிலம் தரும் இரு பாடங்கள்

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் துறைமுகப் பணி நடந்தபோது, 2017 அக்டோபரில் மீனவ மக்களின் போராட்டத்தால் வேலை நின்றது. பைலிங்கால் வீடுகளில் விரிசல் விழுந்ததற்கு இழப்பீடு வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. முந்தைய நிலைக்குக் கையெழுத்திட்ட பதிவு இல்லாவிட்டால், இது போன்ற சச்சரவு சாலையில் இறங்கித்தான் தீர வேண்டியிருக்கும்.

அதே கேரளத்தில் கொச்சி மரடு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அது பைலிங் அல்ல. ஆனாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் கவலை இதே கவலைதான். அங்கே சுற்றியுள்ள வீடுகள் முன்கூட்டியே ஆய்வு செய்யப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. குழு கருவிகள் பொருத்தி அதிர்வை அளந்தது. வேலையைச் செய்பவரல்லாத வேறொருவர் அளந்ததுதான் அந்த எண்ணுக்கு மதிப்பைக் கொடுத்தது.

விரிசலைப் படிப்பது எப்படி?

நம் ஊர் வீடுகளில் பைலிங் இல்லாமலேயே விரிசல் விழும். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் நீளவாக்கில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலால் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. கரிசல் மண்ணில் கட்டிய வீட்டில் சித்திரை, வைகாசியில் விரிந்து, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒடுங்கும் விரிசல், மண் காய்ந்து நனைவதால் வருவது. கதவு, ஜன்னல் மூலைகளில் புதிதாகத் தோன்றும் மயிரிழைகளும், பழைய விரிசல் திடீரென நீள்வதும் அதிர்வின் அடையாளமாக இருக்கலாம். சுவரில் சாய்வாக, ஒரு முனை அகலமாக விரிசல் ஓடி, கதவும் இறுகி அடைபட மறுத்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று பொருள். இந்தக் கடைசி வகை வந்தால் நாள் கடத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பக்கத்தில் பைலிங் இயந்திரம் வந்து நின்ற அன்றே, வீட்டின் எல்லா அறைகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். விரிசல் அருகே ஸ்கேல் ஒன்றை வைத்து எடுத்தால் அகலம் தெரியும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே சிறிய கண்ணாடிச் சில்லை இருபுறமும் ஒட்டி வைத்தால், சுவர் அசைந்தவுடன் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். தினமும் அதிர்வு வந்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பணியிடப் பதிவோடு ஒப்பிட அதுவே உதவும்.

கட்டடக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள்: பைலிங் முறை என்ன, எந்தத் தரநூலின் எல்லை, கருவி எங்கே, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? கடிதத்தின் நகலை மாநகராட்சிப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். அரசுத் துறையின் பாலம், சாலைப் பணி என்றால், அதிர்வுப் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எழுதுவதைவிட, ஒரு தெருவில் உள்ளவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினால், வீட்டு ஆய்வும் தெரு முழுவதற்கும் ஒன்றாக நடக்கும்.

விரிசல் விழுந்துவிட்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். பைலிங் முழுவதும் முடிந்து, மறு ஆய்வில் கையெழுத்தான பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் பூசிவிட்டால், நம் கையில் இருந்த ஒரே சாட்சியை நாமே அழித்தவர்கள் ஆவோம்.